ஓவர்டைம் வேலைக்கு நடுவே 12 வாரத்தில் ஐஇஎல்டிஎஸ்: அட்டவணையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: "சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் கியூசி இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். மாஸ்டர்ஸ் சேர ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் பிரிவில் மொத்தம் 6.5 வேண்டும், எதிலும் 6-க்குக் குறையக் கூடாது என்கிறார்கள். வேலை காலை 8 முதல் மாலை 6 வரை, வாரத்தில் ஒரு நாளாவது ஓடி, அதாவது ஓவர்டைம், இருக்கும். ரூம் அல்ஜுனிட்டில், வந்து சேர 7.30 ஆகிவிடும். ஞாயிறு மட்டும்தான் லீவு. ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்ததில் லிசனிங்கில் 24, ரீடிங்கில் 19 சரி. ரைட்டிங்கை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. 12 வாரத்தில் முடியுமா? ஒரு அட்டவணை போட்டுத் தர முடியுமா?"

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில்தான் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணுக்கு பேண்ட் என்று பெயர், நான்கு பகுதிகளின் சராசரிதான் மொத்த பேண்ட். சராசரி 6.25 என்று வந்தால் அதை 6.5 ஆக உயர்த்தித்தான் தருவார்கள். ஆகவே லிசனிங் 6.5, ரீடிங் 6.5, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 6 எடுத்தால் கூட்டுத்தொகை 25, சராசரி 6.25, உங்கள் கையில் 6.5. நான்கிலும் 6.5 எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் திண்டாடுகிறார்கள், அது தேவையில்லை. லிசனிங்கிலும் அகாடமிக் ரீடிங்கிலும் 40-க்கு 23 சரியாக இருந்தால் ஏறக்குறைய 6, 30 இருந்தால் 7. 6.5 என்பது 26, 27 வாக்கில் வரும், தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு மாறலாம். அப்படியென்றால் லிசனிங்கில் உங்களுக்கு இன்னும் மூன்று விடை போதும். ரீடிங்கில் எட்டு வேண்டும். ரைட்டிங் எங்கே நிற்கிறது என்பதே தெரியாது. இந்த மூன்று தூரத்தையும் வைத்துத்தான் அட்டவணை போட வேண்டும். நான்கு பகுதிக்கும் சம நேரம் ஒதுக்கும் அட்டவணைகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும், அவை உங்களுக்குப் பொருந்தாது.

12 வாரத்தில் முடியுமா என்றால், உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்தால் முடியக்கூடிய தூரம்தான். பொது ஆங்கிலத்தில் ஒரு படிநிலை ஏறச் சுமார் 200 மணி நேரம் ஆகும் என்பது கேம்பிரிட்ஜ் தரப்பில் சொல்லும் மதிப்பீடு. உங்களுக்குக் கிடைக்கப்போவது உட்கார்ந்து படிக்கும் நேரமாக 80 மணிதான். அதில் அரை பேண்ட் உயர்வதை நான் வழக்கமாகப் பார்க்கிறேன், ஒரு பேண்ட் உயர்வதைச் சிலரிடம் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் உறுதி சொல்பவர்களை நம்ப வேண்டாம். உங்கள் ரைட்டிங் இப்போது 5-இல் இருக்கிறதென்று தெரிய வந்தால் 12 வாரம் இறுக்கமாகத்தான் இருக்கும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

80 மணி எப்படி வந்தது? திங்கள், செவ்வாய், வியாழன் இரவு 8.30 முதல் 9.45 வரை, ஞாயிறு காலை மூன்று மணி நேரம். புதன் ஓடிக்காகக் காலியாக விட்டது. ஓடி செவ்வாயில் விழுந்தால் செவ்வாய் வேலை புதனுக்குப் போகும், அவ்வளவுதான். வெள்ளியும் சனியும் ஒன்றும் இல்லை. ஆறு நாளும் இரண்டு மணி நேரம் என்று எழுதி வைப்பவர்கள் மூன்றாவது வாரத்தில் ஒரு ஓடி வந்ததும் பாக்கி சேர்ந்துபோய் மொத்தத்தையும் கைவிட்டுவிடுகிறார்கள். பாக்கி சேராத அட்டவணைதான் 12 வாரம் தாங்கும். ஒரே வாரத்தில் மூன்று நாள் ஓடி வந்துவிட்டதா? அந்த வாரம் ஞாயிறு மட்டும் நடக்கட்டும், விட்டதைப் பிடிக்க முயலாதீர்கள்.

எந்த நாளில் எதைச் செய்வது என்பது எத்தனை மணி நேரம் என்பதைவிட முக்கியம். பத்து மணி நேரம் யார்டில் நின்றுவிட்டு வந்து இரவில் கட்டுரை எழுதினால், தெரிந்த தப்பையே திரும்பத் திரும்பச் செய்து அதையே பழக்கமாக்கிக்கொள்வோம். புதிதாக எழுதும் வேலையை ஞாயிறு காலைக்கு வையுங்கள். செவ்வாய் இரவு, ஞாயிறு எழுதிய அதே கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதும் நாள். திங்களும் வியாழனும் ரீடிங். லிசனிங்குக்குத் தனி இரவு வேண்டாம், ரயில் இருக்கிறது. துவாஸ் லிங்க்கிலிருந்து அல்ஜுனிட் வரை ஒரே பச்சைப் பாதை, வண்டி மாற வேண்டாம், அதுவும் முனை நிலையத்தில் ஏறுவதால் மாலையில் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாத பயணம்.

இனி ரைட்டிங். உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது நீங்கள் கியூசி இன்ஸ்பெக்டர் என்பதுதான். இந்த வேலையில் இருப்பவர்களின் எழுத்தைப் பல வருடமாகத் திருத்தி வருகிறேன், இரண்டு விஷயம் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கும். ஒன்று, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டின் நடை. "வெல்ட் ஃபவுண்ட் கிராக்டு, ரிப்பேர் டன்" என்று தினமும் எழுதுகிறோம். அதில் 'ஏ', 'தி' கிடையாது, 'வாஸ்' கிடையாது, யார் செய்தார் என்பதும் கிடையாது. ரிப்போர்ட்டில் அது சரியே. தேர்வில் அதே கை அதே வேகத்தில் ஓடும்போது வரிக்கு ஒரு இலக்கணப் பிழை விழும். இரண்டாவது, எல்லா அளவையும் பதிவு செய்யும் பழக்கம். டாஸ்க் 1-இல் ஒரு வரைபடத்தைக் கொடுத்து 150 வார்த்தைக்குக் குறையாமல் எழுதச் சொல்வார்கள். நம் ஆள் ஒரு எண்ணையும் விடாமல் வரிசையாக எழுதிவிட்டு வருவார். அந்தத் தாளுக்கு டாஸ்க் அச்சீவ்மென்ட் என்ற அளவுகோலில் 5 தாண்டுவது கடினம். பேண்ட் விளக்கத்திலேயே, தெளிவான ஒட்டுமொத்தப் பார்வை இல்லாமல் விவரங்களை இயந்திரத்தனமாக அடுக்குவது 5 என்றுதான் இருக்கிறது. முழுப் படத்தில் எது ஏறியது, எது இறங்கியது, எது கடைசிவரை முதலிடத்தில் இருந்தது என்று எண் எதுவும் இல்லாமல் இரண்டு வாக்கியம் எழுதுங்கள், அதுதான் ஓவர்வியூ. அதை அறிமுக வரிக்கு அடுத்தே வைத்துவிட்டால் மறக்காது.

டாஸ்க் 2-க்கு டாஸ்க் 1-ஐப் போல இரு மடங்கு மதிப்பு. 60 நிமிடத்தில் அதற்கு 40 நிமிடம் போக வேண்டும், 250 வார்த்தைக்குக் குறையக் கூடாது. இங்கே ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். கேள்வி இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஊழியர்களுக்கான பயிற்சியை நிறுவனங்கள் வேலை நேரத்திலேயே நடத்த வேண்டும் என்கிறார்கள், நீங்கள் எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள்? வழக்கமாக எனக்கு வரும் தாளில் "இந்த நவீன உலகில்" என்று ஒரு தொடக்கம் இருக்கும். அப்புறம் பயிற்சியின் நன்மைகள் ஒரு பத்தி, தீமைகள் ஒரு பத்தி, எதிலும் நல்லதும் கெட்டதும் உண்டு என்று ஒரு முடிவு. இலக்கணம் சுத்தமாக இருந்தாலும் இதற்கு மதிப்பெண் குறையும், ஏனென்றால் கேட்டது உங்கள் நிலைப்பாடு, அது எங்கேயும் இல்லை. மேலும் கேள்வி பயிற்சி நல்லதா என்பது இல்லை, வேலை நேரத்திலா வெளியிலா என்பது. 'வேலை நேரத்தில்' என்ற சொல்லே தாளில் இரண்டு இடத்தில்தான் வந்திருக்கும்.

இதையே நீங்கள் எழுதினால் எப்படி எழுதலாம்? முதல் பத்தியிலேயே, பாதுகாப்பும் தரமும் சம்பந்தப்பட்ட பயிற்சி வேலை நேரத்தில்தான் நடக்க வேண்டும், பதவி உயர்வுக்கான படிப்பை அவரவர் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டாம் பத்திக்கு உங்கள் வேலையிலிருந்தே எடுங்கள்: அல்ட்ராசானிக் டெஸ்டிங்குக்குப் புதிய செயல்முறை வருகிறது, அதை ஷிஃப்ட் முடிந்த பிறகு இரவு எட்டு மணிக்குச் சொல்லிக்கொடுத்தால் களைத்த ஆள் பாதியைத்தான் வாங்குவார், மறுநாள் தவறவிடும் ஒரு விரிசலுக்கு நிறுவனம்தான் விலை கொடுக்கும். ஒரு கருத்து, அதற்குக் காரணம், அதற்கு ஒரு நிகழ்வு, பத்தி முடிந்தது. மூன்றாம் பத்தியில் மற்ற வகைப் படிப்பு. இப்படி எழுதினால் பெரிய வார்த்தைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்த தொழில் சொற்களே சொல்வளத்துக்கு மதிப்பெண் வாங்கித் தரும்.

யாரிடம் காட்டுவது? 12 வாரத்துக்கும் டியூஷன் வேண்டாம். நான்கு கட்டுரைகளைக் காசு கொடுத்துத் திருத்த வைத்தால் போதும்: 2, 5, 8, 10-ஆம் வாரங்களில். திருத்துபவர் நான்கு அளவுகோலுக்கும் தனித்தனி பேண்ட் தர வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். கேள்விக்குப் பதில் சொன்னீர்களா, பத்திகள் கோர்வையாக இருக்கின்றனவா, சொல்வளம், இலக்கணம் என்று நான்கும் கால் பங்கு வீதம். இலக்கணப் பிழையை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு, "நன்று, 6" என்று எழுதித் தருபவர் மீதி முக்கால் பங்கைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம், ஆளை மாற்றுங்கள். மற்ற வாரங்களில் நீங்களே திருத்தலாம். ஞாயிறு எழுதியதைச் செவ்வாய் எடுத்துப் படித்தால் பாதிப் பிழை உங்கள் கண்ணிலேயே படும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் நின்று 'ஏ' வேண்டுமா, 'தி' வேண்டுமா, பன்மை 's' வேண்டுமா என்று மட்டும் ஒரு சுற்று. ஒரு முழு வாக்கியத்தை இன்னொரு முழு வாக்கியத்தோடு வெறும் கமா போட்டு ஒட்டியிருக்கிறீர்களா என்று இன்னொரு சுற்று. தமிழர் எழுத்தில் இந்த இரண்டும்தான் அதிகம். கண்டுபிடித்த பிழை வாக்கியத்தையும் சரியான வாக்கியத்தையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி, அதே அமைப்பில் சொந்தமாக இன்னொரு வாக்கியம் போடுங்கள். காலை ரயிலில் புரட்ட அந்த நோட்டு போதும். கடைசியில் முழுக் கட்டுரையையும் புதிதாக எழுதுங்கள். வாரத்துக்கு மூன்று கட்டுரை எழுதித் தள்ளுவதைவிட ஒன்றை இரண்டு முறை எழுதுவதில்தான் பேண்ட் நகர்வதைப் பார்க்கிறேன்.

ரீடிங்குக்கு வருவோம். மூன்று பத்திப் பகுதிகள், 40 கேள்வி, 60 நிமிடம், விடையை மாற்றி எழுதத் தனி நேரம் கிடையாது. 19 எடுத்தவர் உடனே கடிகாரத்தோடு மோத வேண்டாம். முதல் நான்கு வாரம் ஒரு இரவுக்கு ஒரே பகுதி, நேரக்கட்டுப்பாடு இல்லாமல். அரை மணியில் முடித்துவிட்டு, மீதி முக்கால் மணியைத் தப்பான விடைகளுக்குச் செலவிடுங்கள். ஒவ்வொரு தப்புக்கும் காரணத்தை எழுதுங்கள்: விடை இருந்த இடத்தையே கண்டுபிடிக்கவில்லையா, கண்டுபிடித்தும் தப்பாகப் புரிந்துகொண்டீர்களா, சொல் தெரியவில்லையா, நீங்களாகவே ஊகித்துவிட்டீர்களா? இரண்டு வாரத்தில் ஒரு காரணம் மட்டும் தனியாகத் தலைதூக்கி நிற்கும்.

பெரும்பாலும் அது ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்விகளில் ஊகிப்பதாகத்தான் இருக்கும். பாலம் திட்டமிட்டதைவிட மூன்று ஆண்டு தாமதமாக முடிந்தது என்று பத்தியில் இருக்கிறது. பணப் பற்றாக்குறையால் பாலம் தாமதமானது என்று கேள்வியில் இருக்கிறது. நமக்கு அனுபவம் உண்டு, பணம் இல்லாமல்தானே எல்லாம் தாமதமாகும் என்று ட்ரூ போட்டுவிடுவோம். காரணத்தைப் பற்றிப் பத்தி வாயே திறக்கவில்லை, ஆகவே நாட் கிவன். ஃபால்ஸ் என்று போட வேண்டுமானால், பணம் போதுமான அளவு இருந்தது என்பது போல எதிராக ஒரு வாக்கியத்தை விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். விரல் வைக்க இடம் இல்லையென்றால் நாட் கிவன்தான். 5-ஆம் வாரத்திலிருந்து பகுதிக்கு 20 நிமிடம் என்று கடிகாரம் வையுங்கள். மூன்றாவது பகுதி பொதுவாகக் கடினமாக இருக்கும், அதனால் முதலாவதை 17 நிமிடத்தில் முடித்துப் பழகினால் நல்லது. பயிற்சிக்கு கேம்பிரிட்ஜ் வெளியிடும் உண்மையான தேர்வுத் தாள்களை மட்டும் பயன்படுத்துங்கள், ஒரு புத்தகத்தில் நான்கு தேர்வு இருக்கும். இணையத்தில் சுற்றும் போலித் தாள்களில் நாட் கிவன் விடைகளே பல சமயம் தப்பாக இருக்கும்.

லிசனிங்கில் மூன்று விடையைப் பிடிக்க வேண்டும், அவை பெரும்பாலும் காதில் இல்லை, கையில் இருக்கின்றன. ஒலிப்பதிவு ஒரே முறைதான். சரியாகக் கேட்டுவிட்டு 'டிக்கெட்ஸ்' என்பதில் கடைசி 's'-ஐ விட்டால் அந்த மதிப்பெண் போய்விடும். எழுத்துப் பிழைக்கும் அப்படித்தான். இரண்டு வார்த்தைக்கு மேல் கூடாது என்ற இடத்தில் மூன்று எழுதினாலும் அப்படித்தான். உங்கள் 24-ஐ எடுத்து, தப்பான 16-இல் எத்தனை இந்த வகை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். மாலை ரயிலில் பகுதி 3 அல்லது 4-ஐக் கேளுங்கள், வீட்டுக்கு வந்து அதன் எழுத்து வடிவத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். ஏற்கெனவே கேட்டதைத்தான் மறுநாள் காலையிலும் கேட்க வேண்டும். செய்தி கேட்க விரும்பினால் சிஎன்ஏ938 வானொலி இருக்கிறது, ஆனால் அது கூடுதல் சுவைக்குத்தான், தேர்வுப் பயிற்சிக்கு ஈடு இல்லை.

ஸ்பீக்கிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் ஆட்களுக்குப் பேசத் தயக்கம் இருக்காது, பதில்தான் குட்டையாக இருக்கும். சைட்டில் "கேன்", "ஆல்ரெடி டன்" என்று முடித்துப் பழகிவிட்டோம். அந்த நடை மூன்றாம் பகுதியில் காலை வாரிவிடும், ஏனென்றால் அங்கே ஏன், எப்படி, முன்பு எப்படி இருந்தது என்று கேட்பார்கள். 4-ஆம் வாரத்திலிருந்து ஞாயிறு மூன்று மணி நேரத்தில் அரை மணியை இதற்கு எடுத்து, ஒரு கேள்விக்கு மூன்று நான்கு வாக்கியமாவது போனில் பதிவு செய்து கேளுங்கள். இறந்தகாலத்தில் தொடங்கி நிகழ்காலத்துக்குத் தாவுகிறீர்களா என்று மட்டும் கவனியுங்கள். தமிழ் உச்சரிப்புச் சாயல் இருப்பதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், புரிகிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்க உச்சரிப்பு பழக நேரம் செலவிட வேண்டாம்.

வாரங்களின் ஓட்டம் இப்படி: 1 முதல் 4 வரை நேரக்கட்டுப்பாடு இல்லாமல் பிழை தேடும் காலம், 5 முதல் 8 வரை பகுதி பகுதியாகக் கடிகாரத்தோடு. 6, 9, 11-ஆம் வார ஞாயிறுகளில் முழுத் தேர்வு, லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றும் இடைவெளி இல்லாமல். ரூமில் ஆட்கள் இருந்தால் ஜூரோங் ஈஸ்ட் நூலகமோ உங்கள் பக்கத்து நூலகமோ போய் உட்காருங்கள். கணினியில் எழுதப்போகிறீர்கள் என்றால் பயிற்சியையும் கணினியில்தான் செய்ய வேண்டும். ரிப்போர்ட் டைப் செய்து பழகியவர் நீங்கள், கணினித் தேர்வுதான் உங்களுக்கு லாபம். வார்த்தை எண்ணிக்கை திரையிலேயே தெரியும், பத்தியை இடம் மாற்றலாம், முடிவும் சில நாளில் வந்துவிடும். ஒன்று நினைவிருக்கட்டும்: தாள் தேர்வில் லிசனிங் முடிந்ததும் விடையை மாற்றி எழுதத் தரும் 10 நிமிடம் கணினியில் கிடையாது, சரிபார்க்க 2 நிமிடம்தான்.

தேதியை முதல் வாரத்திலேயே பதிவு செய்யாதீர்கள். 6-ஆம் வாரத் தேர்வில் ரீடிங் 23-ஐத் தொட்டு, 5-ஆம் வாரக் கட்டுரைக்கு 5.5 வந்திருந்தால் 12-ஆம் வார முடிவுக்குப் பதிவு செய்யலாம். பதிவு செய்யும் பாஸ்போர்ட்டையேதான் தேர்வுக்கும் கொண்டு போக வேண்டும். ஆகவே புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடியுங்கள். தேர்வு நாளுக்கும் முந்தின நாளுக்கும் இப்போதே லீவு சொல்லி வையுங்கள். 12-ஆம் வாரம் புதிதாக எதுவும் வேண்டாம், பிழை நோட்டும் லிசனிங்கும் போதும். அந்த வாரம் ஓடி எடுக்காதீர்கள்.

6-ஆம் வாரத்தில் ரைட்டிங் இன்னும் 5-இலேயே நின்றால் என்ன செய்வது? அப்போது ரீடிங்கின் வியாழனை எடுத்து ரைட்டிங்குக்குக் கொடுங்கள், தேதியை நான்கு வாரம் தள்ளுங்கள். ரீடிங்கில் 6 மட்டும் வந்தாலும் லிசனிங் 7 ஆனால் கூட்டுத்தொகை அதே 25-தான், ஆனால் ரைட்டிங் 5.5-இல் நின்றால் மற்றது எவ்வளவு வந்தாலும் உங்கள் பல்கலைக்கழகம் ஏற்காது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எப்போது என்பதை நீங்கள் எழுதவில்லை. அதைப் பார்த்து, அதற்கு முன்னால் இந்த நான்கு வாரத்துக்கு இடம் இருக்கிறதா என்று இன்றே எண்ணிவிடுங்கள்.